குடம் சொல்வதும் பாட்டி சொல்வதும்

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அதில் ஒரு நாளைப் பள்ளி மரபு நாளாக்கி, மாணவர் தத்தம் வீட்டுப் பொருள்களின் வரலாற்றைப் பதிவுசெய்யும் திட்டம் வரவேற்கத்தக்கது. எனினும், பழம்பொருள்களை மேசைமேல் அடுக்கி, ‘இருநூறு ஆண்டுப் பழமை’ என்று அட்டை எழுதி வைப்பதைப் பதிவு என்று கொள்வதற்கில்லை.

ஒரு மாணவி தன் வீட்டுப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொள்கிறாள் என்போம். “என் பாட்டி சீராகக் கொண்டுவந்தது” என்கிறார் அவளுடைய பாட்டி. கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகளோ, பாட்டியின் தாய்மாமன் பெயரையும் ‘விகாரி வருஷம் தை மாசம்’ என்பதையும் காட்டுகின்றன. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. ஆகவே அந்தத் தை 1900ஆகவும் இருக்கலாம், 1960ஆகவும் இருக்கலாம். 1900இல் அந்த மாமன் பிறக்கவே இல்லை. 1960 தையிலோ பாட்டிக்குத் திருமணம் நடந்திருக்கிறது. எழுத்தின் காலம் தெளிவாகிவிட்டது.

அதனால் பாட்டி சொன்னது பொய்யாகிவிடுமா? ஆகாது. பெயர் வெட்டிய நாள் வேறு, குடம் வார்த்த நாள் வேறு. பழைய குடத்திலேயே மாமன் தம் பெயரை வெட்டுவித்திருக்கலாம். அல்லது பழையதைக் கடையில் கொடுத்துப் புதியதை மாற்றி வாங்கியிருக்கலாம். இவ்விரண்டில் எது நடந்தது என்பதே இனி பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கேள்வி வரை மாணவியைக் கொண்டுசேர்ப்பதே ஆசிரியரின் கடன்.

எனவே பதிவேட்டில் மூன்று பத்திகள் வேண்டும்: பொருளில் கண்டது, பெரியோர் சொன்னது, மாணவர் கருதுவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று கலத்தலாகாது. கண்டதில் உயரம், வாய் அகலம், எடை, ஒட்டுப்போட்ட இடம், எழுத்துகள் ஆகியன உள்ளவாறே இடம்பெற வேண்டும். சொன்னவரின் பேச்சைத் திருத்தாமல், கேட்ட நாளோடு எழுதுக. மங்கிய எழுத்தைப் பக்கவாட்டில் விளக்குப் பிடித்து ஒளிப்படம் எடுத்தால் புள்ளிகள் நிழல் கட்டித் தெரியும். அதற்குமுன் புளி போட்டுத் துலக்கலாகாது. தேய்க்கத் தேய்க்க எழுத்தும் தேயும்.

ஒரே மாலையில் முடியும் பணியன்று இது. தீபாவளி விடுமுறைக்கு முன்பே படிவம் மாணவர் கைக்கு வந்தால்தான், ஊருக்குப் போகும் பிள்ளைகள் பெரியோரிடம் அமர்ந்து கேட்க இயலும். பொருள்கள் வீட்டிலேயே இருக்கட்டும்; பள்ளிக்குப் படமும் பதிவும் வந்தால் போதும். நகைகளை அறவே விலக்குக. வீட்டார் வெளியிட விரும்பாத செய்தியை எழுதாமல் விடுக.

பழமைக்குப் பரிசு என்பதும் கூடாது. பரிசு வைத்தால் 1960 என்று கண்ட மாணவி 1900 என்று எழுதத் துணிவாள். பரம்பரைப் பொருள் இல்லாத வீட்டுப் பிள்ளை, கைப்பிடி மும்முறை மாற்றப்பட்ட தந்தையின் அரிவாளைப் பதியலாம். மாற்றியவர் யார், எப்போது, ஏன் என்று கேட்டு எழுதினால், குடத்தின் பதிவுக்கு அது எவ்வாற்றானும் குறைந்ததன்று.