மூன்றாம் அடியின் விடுதலை

நம் கல்லூரி இலக்கிய மன்றத்தின் கவிதைப் போட்டியொன்றில் நடுவராக அமரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. "காலம்" என்பது தலைப்பு. பாரசீக ருபாயியைப் பின்பற்றி நான்கடிப் பாடல் ஒன்று எழுத வேண்டும் என்பது விதி. அறிவிப்புத் தாளில் "நான்கடி, இயைபு கட்டாயம்" என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. அவ்விதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு மாணவருக்கு 5 மதிப்பெண்களைக் குறைத்தேன். மூன்றாம் அடி இயையவில்லை என்பதே நான் கண்ட குறை. முடிவு அறிவிக்கப்பட்ட மறுநாள் அம்மாணவர் என்னிடம் வந்தார். "ஐயா, மூன்றாமடி இயையாமல் நிற்பதுதானே ருபாயி?" என்று பணிவோடு வினவினார். அவ்வினாவுக்கு அன்று நான் விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவ்விடை.

ருபாயி என்பதன் இலக்கணம்

நான்கு எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது ருபாயி. அதன் பன்மையே ருபாயியாத். முதலடி, இரண்டாமடி, நான்காமடி ஆகிய மூன்றும் ஓரோசையில் முடியும். மூன்றாமடி மட்டும் வேறோசையில் முடியும். நான்கடியும் இயைந்து வரும் பழம்பாடல்களும் பாரசீகத்தில் உண்டெனினும், மூன்றாமடி விலகி நிற்கும் அமைப்பே பின்னாளில் ருபாயியின் முகமாக நிலைபெற்றது. ஹஸஜ் என்னும் சந்தவகையின் 24 வேறுபாடுகளில் அது பாடப்பெறும் என்பர். அசையின் நெடுமை குறுமைகளை வேறுவகையில் கணக்கிடும் நம் யாப்பில் அச்சந்தத்தை அப்படியே பெயர்க்க இயலாது. நாம் கொண்டுவரக் கூடியது அதன் முடிப்போசை முறை ஒன்றே. அதையும் தவறவிட்டால் நம் கையில் எஞ்சுவது வெறும் நான்கு வரிகளே.

இவ்வடிவத்தோடு இணைத்துப் பேசப்படும் உமர் கய்யாம் (1048 - 1131) காலத்தைக் கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த வானியல் அறிஞர். மாலிக் ஷா சுல்தானின் ஆட்சியில், 1079ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை வகுத்த குழுவில் அவரும் ஒருவர். அவர் பெயரில் வழங்கும் பாடல்களுள் எவை அவருடையவை என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் காலத்தின் கடப்பும் இந்நான்கடி வடிவமும் நம் நினைவில் ஒன்றாகப் பிணைந்துவிட்டன. அப்பிணைப்பில் பொருத்தம் இல்லாமலும் இல்லை. இரண்டடி ஒரே தாளத்தில் செல்கின்றன. மூன்றாவது அத்தாளத்தை நிறுத்துகிறது. நான்காவது மீண்டும் அதே தாளத்தில் வந்து விழுகிறது. கடிகாரத்தின் ஓசையை மறந்திருந்து திடீரெனக் கேட்பது போன்றது அது.

நாம் செய்யும் முதற்பிழை

போட்டிக்கு வந்த பாடல்களிற் பல பின்வரும் சாயலில் இருந்தன. எவருடையதையும் சுட்டாதிருக்கும் பொருட்டு இதனை நானே புனைந்து தருகின்றேன்:

காலம் விரைந்து போகின்றது
கடிகாரம் ஓசை எழுப்புகின்றது
இளமை மெல்ல மறைகின்றது
முதுமை வாசலில் நிற்கின்றது

அடிதோறும் இறுதி எழுத்தோ சொல்லோ ஒன்றிவருவதை நம் இலக்கணம் இயைபுத் தொடை என்கிறது. அவ்வளவில் இப்பாடல் தேறிவிடும். ஆனால் பாரசீகச் செவி இதனை ஏற்காது. அங்கே காஃபியா, ரதீஃப் என இரண்டு உண்டு. அடியின் இறுதியில் மாறாது திரும்பத் திரும்ப வருவது ரதீஃப். அதற்கு முன்னுள்ள வேறுவேறு சொற்களில் ஒத்தொலிக்கும் ஓசை காஃபியா. ரதீஃப் இல்லாமல் ருபாயி உண்டு. காஃபியா இல்லாமல் இல்லை. மேற்கண்ட பாடலில் "கின்றது" என்பதை விரலால் மறைத்துப் பாருங்கள். எஞ்சுவன போ, எழுப்பு, மறை, நில் என்னும் வினைகளே. அவற்றிடையே ஓசையுறவு ஒன்றுமில்லை. தமிழ் வினைமுற்றின் விகுதி இலவசமாகத் தந்த ஓசையைப் புலவர் தாம் ஈட்டியதாகக் கருதிவிட்டார். இவ்விரல் சோதனை ஒன்றே போலி இயைபைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதனினும் பெரிய இழப்பு மூன்றாமடியில் நேர்ந்துள்ளது. அதுவும் மற்ற மூன்றைப் போலவே ஒலிப்பதால் பாடல் எங்கும் திரும்பவில்லை. நான்கடிகளை எம்முறையில் மாற்றி வைப்பினும் பொருள் கெடாது. அடிகளை இடம் மாற்றியும் சேதமுறாத நான்கடிப் பாடல் ருபாயி ஆகாது.

ஒரு பாடல் உருவான கதை

மதிப்பெண் இழந்த மாணவர் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். அவர் முதலில் எழுதி அடித்துவிட்ட வடிவம் இது:

மேசையில் பேரொன்று கீறிய கரம்
மேசையாய் ஆகுமுன் நின்ற மரம்
நானும் பேர்கீற வேண்டினேன் வரம்
மண்ணில் எவர்க்கிங்கு வாழ்வு நிரந்தரம்?

வகுப்பறை மேசையில் எவரோ என்றோ ஆணியால் கீறிச்சென்ற பெயரிலிருந்து பாடல் பிறக்கிறது. கரம், மரம் என்பன விகுதியின் தயவில் வந்த ஓசை அல்ல, தனித்தனிப் பெயர்ச்சொற்கள். ஈற்றெழுத்து மட்டுமன்றி அதற்கு முன்னுள்ள உயிரும் ஒத்து நிற்கின்றன. முதலிரண்டு அடிகளும் செம்மையானவை. சறுக்கியது மூன்றாமடி. பேர் கீறுவதற்கு வரம் எதற்கு? ஆணி போதுமே! ஓசைக்காக வரவழைக்கப்பட்ட சொல் அது. மூன்று அடிகள் ஒரே இடத்தில் தட்டிய பின் நான்காவதும் அங்கேயே தட்டுவதால் செவி சோர்கிறது. மாணவர் அவ்வடியை அடித்துவிட்டு இவ்வாறு எழுதியிருந்தார்:

இரண்டும் இன்றில்லை; ஆணியோடு நான்

இயைபு நீங்கியதும் பொருளும் விடுதலை பெற்றது. கரம், மரம் எனப் பிறவற்றை நோக்கிச் சென்ற பாடல் சட்டெனத் தன்னை நோக்கித் திரும்புகிறது. இழந்தவற்றை எண்ணுகிறவனின் கையிலும் ஓர் ஆணி இருக்கிறது! "நான்" என்னும் நெடிலோசை கரத்தோடும் மரத்தோடும் ஒட்டாது தனித்து நிற்கிறது. அத்தனிமையே அவன் நிலையும் ஆகும்.

ஆனால் மூன்றாமடி மாறியதும் நான்காமடி பொருந்தாது போயிற்று. மேசையைக் கீறத் துணிந்து ஆணியோடு நிற்பவன் அடுத்த நொடியே வாழ்வின் நிலையாமை பற்றி உபதேசம் செய்வானோ? "நிரந்தரம்" என்பது ஓசையால் குறையற்ற சொல். எனினும் கரம், மரம் என்று கேட்டவுடன் எவரும் ஊகித்துவிடக் கூடிய சொல் அது. மூன்று அடிகளைப் படித்து நிறுத்திவிட்டு, நான்காமடி எவ்வாறு முடியும் என்று அருகிலிருப்பவரை வினவிப் பார்க்கலாம். ஓசையை அவர் ஊகிக்க வேண்டும். சொல்லை ஊகிக்கக் கூடாது. அவ்வடியையும் அடித்துவிட்டு, ஒரு வாரம் காத்திருந்ததாக மாணவர் கூறினார். இறுதியில் அமைந்த பாடல் இது:

மேசையில் பேரொன்று கீறிய கரம்
மேசையாய் ஆகுமுன் நின்ற மரம்
இரண்டும் இன்றில்லை; ஆணியோடு நான்
அதற்குள் மணிக்குத்தான் என்ன அவசரம்!

அறவுரை ஒரு சொல்லும் இல்லை. மணி என்பது கல்லூரி மணியாகவும் நிற்கிறது; கடிகாரம் காட்டும் மணியாகவும் நிற்கிறது. முன்பு பேர் கீறியவனுக்கும் இதே மணிதான் அடித்திருக்கும் என்பதைப் பாடல் கூறவில்லை, நாமே உணர்ந்துகொள்கிறோம். இப்பாடலுக்குத்தான் நான் 5 மதிப்பெண்களைக் குறைத்தேன்.

எதுகை குறித்த ஐயம்

துறையிலுள்ள மூத்த பேராசிரியர் ஒருவர் இப்பாடலைக் கேட்டுவிட்டு, "மேசை, மேசை என்று தொடங்கிய எதுகை மூன்றாமடியில் எங்கே போயிற்று? தமிழ்ப்பாவுக்கு எதுகையன்றோ உயிர்?" என்று வினவினார். புறந்தள்ளத் தக்க வினா அன்று இது. நம் விருத்தங்களில் முதற்சீரின் இரண்டாம் எழுத்து நான்கடியிலும் ஒன்றிவரும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 1859இல் வெளிவந்த பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில ஆக்கத்தின் வழியே உமர் கய்யாமைத் தமிழுக்குத் தந்தபோது, நம் யாப்புக்குரிய எதுகை மோனைகளோடுதான் தந்தார். தமிழ்ச் செவிக்கு இனிய அவ்வாக்கத்தின் பெருமை குறையாதது. அவர் நோக்கம் கருத்தைத் தமிழ்ப்பாவாக்குவது. ருபாயி என்னும் வடிவத்தையே தமிழில் எழுதிப் பார்ப்பது நம் மன்றத்தின் நோக்கம். இரண்டும் வேறு.

நான்கடிக்கும் எதுகை பூட்டிவிட்டு மூன்றாமடியின் கடைசியில் மட்டும் ஓசையை மாற்றினால், வாலை அவிழ்த்துவிட்டுக் கழுத்தைக் கட்டிவைத்த கதையாகும். அடியின் தொடக்கத்திலேயே அது மற்ற மூன்றின் உறவினன் எனச் செவி அறிந்துகொள்ளும். விலகல் தோன்றாது, திருப்பமும் தோன்றாது. ஆதலின் தமிழ் ருபாயியில் முதலிரண்டு அடிகளுக்கு எதுகையோ மோனையோ அமையட்டும். மூன்றாமடி இரு முனையிலும் கட்டற்று நிற்கட்டும். நான்காமடி இயைபினால் மட்டும் வீடு திரும்பினால் போதும் என்பதே என் கருத்து. கிஸ்ஸாவையும் முனாஜாத்தையும் மசலாவையும் நாமாவையும் ஏற்றுக்கொண்ட தமிழ், ஓர் அடியின் விடுதலையையும் ஏற்றுக்கொள்ளும்.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவிப்பில் "நான்கடி, இயைபு கட்டாயம்" என்பதை நீக்கிவிட்டு, "1, 2, 4ஆம் அடிகள் இயைய வேண்டும், விகுதி இயைபு கொள்ளப்படாது, மூன்றாமடி இயையக் கூடாது" என்று எழுதுங்கள். நடுவராக அமர்வோர் மூன்றாமடியை முதலில் படிக்கட்டும். வழங்கிய பரிசைத் திரும்பப் பெறுதல் முறையன்று. குறைத்த மதிப்பெண்களைக் கூட்டவும் இனி வழியில்லை. அம்மாணவர் இவ்வாண்டு தேர்வு முடித்துக் கல்லூரியை விட்டுச் செல்கிறார். அவர் பாடல் இம்மலரிலேனும் அச்சேறட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.