"வாப்பாட பெயர் என்ன?"



முதலாம் தர அனுமதிக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் தாய்மாரிடம் "வாப்பாட பெயர் என்ன?" என்று கேட்கிறோம். அதிகமானோர் உடனே சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் மூத்த, பழைய வளர்ப்பில் வந்த சிலரோ மகனைப் பார்த்து "நீ சொல்லு மகன்" என்பார்கள். அவனுக்கு வாப்பா என்றால் வாப்பாதான், வேறு பெயர் தெரியாது. அவனும் முழிப்பான். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்குப் பிடிப்பதில்லை.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று திருமலைப் பக்கத்துத் தமிழ்ச் சகோதரிகளின் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் மூத்தம்மாமார் காட்டிய காரணம் வேறு: மட்டு மரியாதை. தமிழில் பெயர் மேலிருந்து கீழேதான் போகும். மூத்தவர் இளையவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், இளையவர் திருப்பிச் சொல்ல முடியாது. வாப்பாவை, மாமாவை நாம் பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்? வயதில் மூத்த கணவரும் அந்த வரிசையில்தான் சேர்ந்தார். தம்மை விட இளைய மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அதனால்தான்.

பெயர் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? முகத்துக்கு நேரே என்றால் கஷ்டமில்லை. "இஞ்ச வாங்க", "சாப்பிடுங்க" என்ற வினைச்சொல்லிலேயே மரியாதை இருக்கிறது. சில வீடுகளில் "மச்சான்" என்றும் கூப்பிடுவார்கள். மாமி மகனை முடிக்கும் வழக்கத்தின் மிச்சம் அது. ஊராரிடம் பேசும்போது "எங்கட வீட்டுக்காரர்", "அவங்க". பிள்ளை பிறந்ததும் "புள்ளட வாப்பா". பிள்ளையில்லாத பெண் சகோதரியின் பிள்ளையை இரவல் வாங்கி, "இவட சாச்சா" என்பாள். றமழான் என்ற பெயருள்ளவரின் மனைவி வருஷம் பூராவும் "நோன்பு மாசம்" என்றே சொல்லித் தப்பிக்கொண்டதையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

இது மார்க்கம் சொன்ன தடை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆயிஷா நாயகி அவர்கள் மனம் மகிழ்ந்திருக்கும்போது "முஹம்மதின் இறைவன் மீது சத்தியமாக" என்றும், கோபமாக இருந்தால் "இப்றாஹீமின் இறைவன் மீது சத்தியமாக" என்றும் சொல்வார்கள் என்று புகாரியில் வருகிறது. பெயர் சொல்வது அங்கே பிரியத்தின் அடையாளம். உம்மு ஸலமா நாயகியோ தன் முதல் கணவரை "அபூ ஸலமா", அதாவது ஸலமாட வாப்பா, என்றே சொன்னார்கள். இரண்டு வழக்கமும் அந்த வீடுகளில் இருந்தன.

ஆகவே வீட்டில் எப்படியும் சொல்லுங்கள். ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் "புள்ளட வாப்பா" என்றால் எந்த நோயாளி என்று தாதிக்கு விளங்காது. அங்கே அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள், வாய் வராவிட்டால் அட்டையை நீட்டுங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாங்களும் திருந்த வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கிறது. பத்துப் பேருக்கு முன்னால் கேட்காமல், "அதைத் தாங்க தங்கச்சி" என்று வாங்கிப் பார்த்து எழுதினால் போதும்.