அடுப்பு அணையும் வேளை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை அடுத்துப் பழைய இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகளில், தழல் ஏதும் இன்றியே ஒரு மூசைக்குள் இரும்பு தண்ணீராகித் தளதளப்பதைப் பார்த்திருக்கிறேன். மூசையைச் சுற்றிச் செம்புக் குழாய் சுருளாக அமைந்திருக்கும். அதில் வேகமாகத் திசை மாறும் மின்னோட்டம் பாய, உள்ளிருக்கும் இரும்பிலே மின்சாரம் சுழித்து, அந்த இரும்பு தன் தடையினாலேயே சூடேறி உருகிவிடுகிறது. அந்த ஆலையில் வேலை செய்துவிட்டு இரவில் வாடகை அறைக்குத் திரும்புகிற தொழிலாளி சோறு வடிக்கும் இண்டக்‌ஷன் அடுப்பும் இதே தத்துவத்தின் சிறு வடிவந்தான். ஆலையில் உலை நின்றால் பொறியாளர் ஓடிவருவார். அறையில் அடுப்பு கீச்சென்று கத்தி, E0 என்றோ E1 என்றோ எழுத்துக் காட்டி அணைந்தால், யார் வருவார்கள்? பாதி வெந்த அரிசியை வைத்துக்கொண்டு அடுப்பைச் சபிப்பதே வழக்கமாயிருக்கிறது.

இந்த எழுத்துகளுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பொருள் வேறு. ஒரு அடுப்பில் குறைந்த மின்னழுத்தத்தைச் சொல்லும் எண் மற்றொன்றில் அதிக வெப்பத்தைச் சொல்லக்கூடும். ஆகையால் உடன் வந்த சிறு புத்தகத்தைத் தொலைக்காதிருப்பது நலம். அது தொலைந்துபோனவர்களுக்கும் ஒரு வழி உண்டு: அடுப்பு எப்போது அணைகிறது என்று கவனிப்பது. வைத்த சில விநாடிகளிலேயே அணைந்தால் பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். பத்து நிமிஷம் நன்றாக எரிந்துவிட்டு அணைந்தால் காற்றுத் துளைகளைப் பார்க்க வேண்டும். காலையில் ஒழுங்காக வேலை செய்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு மட்டும் தொல்லை கொடுத்தால், குற்றம் பெரும்பாலும் மின்சாரத்தில் இருக்கிறது.

பாத்திர விஷயம் எளிது. அலுமினியமும் செம்பும் மின்சாரத்தை மிகக் குறைந்த தடையோடு கடத்துபவை; தடை குறைந்த இடத்தில் உஷ்ணமும் குறைவு. வீட்டு அடுப்பு இரும்பின் காந்தத் தன்மையை நம்பி அமைக்கப்பட்டதாதலால், இண்டாலியச் சட்டியை வைத்தால் பாத்திரமே இல்லை என்று தீர்மானித்து நின்றுவிடும். எவர்சில்வரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்: வளைத்து இழுத்த விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டும், அடியில் ஒட்டாது. காந்தப் பரீட்சையை அடியின் நடுவில்தான் செய்ய வேண்டும். அங்கே இறுகப் பிடித்தால் மட்டுமே அந்தப் பாத்திரம் உதவும். நாட்பட்ட குக்கரின் அடி உப்பியிருந்தாலும் தொல்லைதான். சுருளுக்கும் அடிக்கும் இடைவெளி கூடிவிடுவதோடு, கண்ணாடிக்குக் கீழே நடுவில் இருக்கும் உஷ்ணமானி உண்மையான சூட்டை அறிய முடியாமற் போகிறது.

ஆலையின் செம்புச் சுருளுக்குள் இடைவிடாமல் தண்ணீர் ஓடி அதைக் குளிர்விக்கிறது. வீட்டு அடுப்பின் சுருளுக்கும், மின்சாரத்தை விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திறந்து மூடும் சிறு சில்லுக்கும், உள்ளங்கையளவு விசிறி ஒன்றே துணை. அது பெரும்பாலும் அடியிலிருந்து காற்றை உறிஞ்சிப் பின்புறமாக வெளியே தள்ளும். கறைபடாதிருக்க அடுப்பின் கீழே பிளாஸ்டிக் விரிப்போ பத்திரிகைத் தாளோ பரப்பிவிட்டால், விசிறி அதையே இழுத்துத் துளையில் அப்பிக்கொள்ளும். அஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த அறையில், சித்திரை வெயிலில், சுவரோடு ஒட்டிவைத்த அடுப்பு தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப இழுக்கிறது. சாலைப் புழுதியும் தாளிப்பின் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து துளைகளில் பசைபோல் படிகின்றன. அடுப்பு எரியும்போது மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பின்புறத் துளைக்கு அருகில் பிடித்துப் பாருங்கள்: தள்ளிப் பறந்தால் விசிறி நலம், அசையாதிருந்தால் துளை அடைத்திருக்கிறது அல்லது விசிறி நின்றிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, காய்ந்த தூரிகையால் துளைகளைச் சுத்தம் செய்யலாம். மூடியைத் திறக்கும் வேலை நமக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் மின்தேக்கியில் பிளக்கைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

மின்சாரத்தின் கதைதான் நீளமானது. கும்மிடிப்பூண்டிப் பகுதியில் ஒரே வரிசையில் அறைகள் கட்டி வாடகைக்கு விட்ட ஒரு கட்டடத்தில், கடைசி அறையில் குடியிருக்கும் பெண்மணி, இரவு ஏழு மணிக்கு மேல் தன் அடுப்பு எரிவதே இல்லை என்று முறையிட்டார். வந்த எலக்ட்ரீஷியன் பொறுமைசாலி. மீட்டரைச் செருகிப் பார்த்தார்: 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 188 இருந்தது. அடுப்பை முழு வேகத்தில் போடச் சொன்னார். எண் 168-க்கு இறங்கியது, அடுப்பு கத்தி அணைந்தது, உடனே எண் பழையபடி 188-க்கு ஏறியது.

“அடுப்பு மேல தப்பில்லைம்மா. 170-க்குக் கீழே போனா அது தன்னைக் காப்பாத்திக்க நின்னுடும். ஆனா இந்த இருபது வோல்ட் எங்கே போச்சுன்னு பாக்கணும்” என்றார் அவர்.

அந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். அடுப்பு இழுத்தது சுமார் 9 ஆம்பியர். அதை 20 வோல்ட்டால் பெருக்கினால் 180 வாட். அவ்வளவு சக்தியும் வழியிலே எங்கோ உஷ்ணமாகிக்கொண்டிருந்தது. கம்பி முழுவதும் பரவியிருந்தால் பெரிய தீங்கில்லை. ஒரே மூட்டில் குவிந்திருந்தால் அது தீப்பற்றும் இடம். அடுப்பு எரியும்போது அந்த அறையின் விளக்கு மாத்திரமன்றிப் பக்கத்து அறைகளின் விளக்குகளும் மங்குவதைக் கண்ட அவர், குற்றம் பிளக்கில் இல்லை, எல்லோருக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது என்று நிச்சயித்து, மெயினை அணைத்து, பலகையைத் திறந்தார். நியூட்ரல் கம்பியின் திருகு தளர்ந்து, காப்புறை கருகி, அலுமினியத்தின் முனை சாம்பல் பூத்திருந்தது. கருகிய பகுதியை வெட்டி, சுரண்டித் துலக்கி, மீண்டும் முறுக்கிய பின் அடுப்பைப் போட்டால் 188 என்பது 181-க்கு மட்டுமே இறங்கியது, அடுப்பு எரிந்தது.

ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? தொலைக்காட்சிக்கு வைப்பது 2000 வாட் அடுப்பைத் தாங்காது. தாங்கும் பெரியதை வாங்கினாலும், 170 வோல்ட்டை 230 ஆக உயர்த்த அது கம்பியிலிருந்து ஏறக்குறைய 12 ஆம்பியரை இழுக்கும். கருகிய மூட்டு இன்னும் விரைவாகக் கருகியிருக்கும். அடுப்பின் வேகத்தைக் குறைத்து 1200 வாட்டில் வைப்பது தற்காலிகமாக உதவும். அதற்கும் கீழே இறக்கினால் பல அடுப்புகள் பெரிய வேகத்திலேயே விட்டுவிட்டு எரிகின்றனவாதலால், கம்பியின் சுமை எரியும் விநாடிகளில் குறைவதில்லை.

அந்த நியூட்ரல் திருகைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மும்முனை இணைப்புள்ள கட்டடத்தில் அது தளர்வதோடு நில்லாமல் முற்றிலும் அறுந்துபோனால், சில அறைகளில் விளக்கு மங்கும்போதே வேறு சில அறைகளில் வழக்கத்துக்கு மீறிப் பளிச்சென்று எரியும். அங்கே 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறக்கூடும். அடுப்பும் தாங்காது, விசிறியும் தாங்காது. அப்படிக் கண்டால் எதையும் ஆராய்ந்துகொண்டிராமல் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அதன் பிறகே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.