46 நாளுக்கு மூன்று லட்சமா?

"பாண்டுன்னா பாண்டுதாம்மா. மூணு வருஷம் முடியல, முழுசா கட்டிட்டுப் போ." ஒரு தனியார் மருத்துவமனையின் மனிதவளப் பிரிவில் எங்கள் தங்கை ஒருத்திக்குக் கிடைத்த பதில் இது. மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளையின் உதவித்தொகையில் லேப் டெக்னீசியன் படிப்பை முடித்தவள். படிப்பு முடிந்ததும் அங்கேயே மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் மூன்று லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்பது பாண்டு. ஜாமீன் கையெழுத்து அவளுடைய அப்பா. சொந்தமாக ஒரு செண்ட் நிலம் இல்லாதவர்.

அவள் வேலையில் சேர்ந்தது 2022 ஆகஸ்ட் 16. 2025 மே மாதம் அரசு லேப் டெக்னீசியன் பணிக்கான ஆணை வந்தது. ஜூலை நடுவில் சேர்ந்தாக வேண்டும். மே 30 அன்று ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, ஜூன் 30 வரை வேலை செய்தாள். அதற்குப் பிறகுதான் மூன்று லட்சம் என்றார்கள். கட்டாவிட்டால் பணிவிடுப்பு ஆணை கிடையாதாம். அது இல்லாமல் அரசு வேலையில் சேரச் சிக்கல். அந்த வீட்டில் முதல் அரசு வேலை அது.

நாங்கள் முதலில் கேட்டது ஒரே கேள்வி: பணிக்காலம் எந்தத் தேதியில் முடிகிறது?

அலுவலகத்தில் யாரிடமும் தெளிவான பதில் இல்லை. ஒருவர் நவம்பர் என்றார். முதல் மூன்று மாதம் பயிற்சிக்காலம், நிரந்தரம் ஆன நாளிலிருந்துதான் கணக்கு என்பது அவர் வாதம். பாண்டை வாங்கிப் படித்தோம். "பணியில் சேர்ந்த நாள் முதல் மூன்று ஆண்டுகள்" என்றுதான் எழுதியிருந்தது. நிரந்தரம் என்ற சொல்லே அதில் இல்லை. சேர்ந்த நாளும் பணிக்காலத்தில் ஒரு நாள்தான். ஆகஸ்ட் 16 அன்று தொடங்கும் மூன்று ஆண்டு, ஆகஸ்ட் 15 அன்று மாலையோடு முடிந்துவிடும். 2024-ல் பிப்ரவரி 29 வந்ததால் மொத்தம் 1096 நாள். ஜூன் 30 வரை அவள் முடித்தது 1050 நாள். மீதி 46. அலுவலகம் சொன்னபடி நவம்பரிலிருந்து எண்ணினால் மீதி 138 நாளாகும். ஒரு தேதியை மாற்றிச் சொன்னால் கடன் மூன்று மடங்காகிறது. அதனால்தான் அபராதத்தைப் பற்றிப் பேசும் முன் தேதியை எழுத்தில் வாங்க வேண்டும் என்கிறோம்.

நிர்வாகம் சொன்னதில் ஒன்று சரியாக இருந்தது. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக அவள் 12 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தாள். அப்படி எடுத்த நாள்கள் பணிக்காலத்தோடு கூடும் என்று பாண்டிலேயே எழுதியிருந்தது. ஒப்புக்கொண்டோம். முடிவுத் தேதி ஆகஸ்ட் 27 ஆனது, மீதி 58 நாள். சம்பளத்தோடு எடுத்த விடுப்பையும் சேர்க்கப் பார்த்தார்கள். அப்படி ஒரு விதி எங்கே இருக்கிறது என்று கேட்டோம். காட்ட முடியவில்லை. நோட்டீஸ் காலத்தில் வேலை செய்த நாள்களும் பணிக்காலம்தான், அவற்றையும் கழிக்க விடவில்லை.

அடுத்தது தொகை. மூன்று லட்சத்தை 58-ஆல் பெருக்கி 1096-ஆல் வகுத்தால் 15,876 ரூபாய். இதைத்தான் கட்டுகிறோம் என்று கடிதம் எழுதினோம்.

"பாண்டில் முழுத் தொகை என்றுதானே இருக்கிறது, நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருந்தால், அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும். 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சிக்பா இந்தியா வழக்கில் செய்தது இதுதான். பாண்டு இரண்டு லட்சம், மூன்று ஆண்டுப் பணி. நிறுவனம் அந்த ஊழியருக்காகச் செலவழித்ததாகக் காட்டியது 67,595 ரூபாய். அவர் இரண்டு ஆண்டு வேலை செய்திருந்தார். மீதி மூன்றில் ஒரு பங்கு என்பதால் 22,532 ரூபாய்தான் கிடைக்கும் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு வழியில் போனால் எங்கள் தங்கையின் கணக்கைக் கூட பாண்டுத் தொகையில் அல்ல, அறக்கட்டளை உண்மையில் கட்டிய கல்விக் கட்டணத்தில்தான் போட வேண்டும். அது இன்னும் குறையும்.

ஆனால் இது எல்லா இடத்திலும் தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டு முடியாமல் விலகிய அதிகாரியிடம் வாங்கிய இரண்டு லட்சம் முழுவதையும் செல்லும் என்றது. புதிய ஆளை எடுக்கப் பொதுத்துறை வங்கிக்கு ஆகும் செலவு அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது. 74-ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. சட்டப்படியோ அரசின் ஆணைப்படியோ, பொதுக்கடமையைச் செய்வதாகக் கொடுக்கும் பாண்டை மீறினால் முழுத் தொகையும் கட்ட வேண்டியிருக்கும். அரசோடு ஒப்பந்தம் போட்டாலே அது பொதுக்கடமை ஆகிவிடாது என்ற விளக்கமும் அதற்குக் கீழேயே இருக்கிறது. அரசு உதவித்தொகையில் படித்தவர்கள் இந்த இரண்டு வரியையும் வைத்துக்கொண்டுதான் வாதாட வேண்டும்.

நாள் கணக்கு வைத்தால் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்கிறது நிர்வாகம். ஓட மாட்டார்கள். பத்தாவது நாளில் விலகுபவர் அதே கணக்கில் ஏறக்குறைய மூன்று லட்சமும் கட்ட வேண்டும். 1050 நாள் உழைத்தவளிடமும் பத்து நாள் இருந்தவரிடமும் ஒரே தொகையைக் கேட்பதுதான் அநியாயம். அவளுடைய 1050 நாள் உழைப்புக்கு மதிப்பு பூஜ்யம் என்று சொல்வதாகும் அது. உழைப்பை வாங்கிக்கொண்டு கடனை மட்டும் அப்படியே வைத்திருக்கும் கணக்கு நம் மக்களுக்குப் புதிதல்ல. பண்ணையாரின் நோட்டுப் புத்தகத்தில் நம் தாத்தாக்கள் பார்த்ததுதான்.

இந்த முழுத் தொகை விதி எல்லாரையும் ஒன்றுபோல் அடிப்பதும் இல்லை. பணமுள்ள வீட்டுப் பிள்ளை மூன்று லட்சத்தை வீசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். வக்கீல் சொந்தக்காரர் இருந்தால் ஒரு நோட்டீஸில் முடியும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் மட்டும் அரசு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டு கடிதம் போன பிறகு, 15,876 ரூபாயை வாங்கிக்கொண்டு பணிவிடுப்பு ஆணையைக் கொடுத்தார்கள். உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறோம் என்று எழுதி, ரசீது வாங்கித்தான் கட்டினோம். ஜூலையில் அவள் அரசு வேலையில் சேர்ந்தாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படிக் கடிதம் எழுத ஆள் இருக்கமாட்டார்கள். அதனால் உதவித்தொகை தரும் ஒவ்வொரு அறக்கட்டளையிடமும், அரசுத் துறையிடமும் நாங்கள் கேட்பது பாண்டில் மூன்று வரி. பணிக்காலம் தொடங்கும் தேதி. முடியும் தேதி. முன்பே விலகினால், உண்மையில் செலவான உதவித்தொகையில் மீதி நாளுக்குரிய பங்கு மட்டும். இந்த மூன்றும் இல்லாத பாண்டில் கையெழுத்துப் போடும் முன், அவற்றை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கனவே போட்டுவிட்டிருந்தால், நகலையும் பணியில் சேர்ந்த ஆணையையும் இன்றே வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.