எவ்வளவு வேண்டும், எப்போது திரும்பும்?



உடையார்கட்டில் பலசரக்குக் கடை நடத்தும் வாசகர் ஒருவர், தன் வங்கி முகாமையாளருக்கு எழுதிய கடிதத்தை எங்களுக்கும் காட்டினார். பண்டிகைகள் வருவதால் நடைமுறைக் கணக்கின் மேலதிகப் பற்று எல்லையை, அதாவது 'ஓடி'யை, 5 இலட்சத்திலிருந்து 10 இலட்சமாக உயர்த்தித் தருமாறு கேட்டிருந்தார். ஏன் அவ்வளவு, அது எப்போது திரும்பும் என்ற இரண்டும் கடிதத்தில் இல்லை.

அவரிடம் நல்ல காரணம் இருக்கிறது. ஐப்பசி மழையோடு காலபோக விதைப்புத் தொடங்குகிறது. கையிலுள்ள காசை விதைநெல்லுக்கும் பசளைக்கும் போட்டுவிடும் கமக்காரர், அறுவடை வரை கொப்பியில் எழுதித்தான் சாமான் வாங்குவார். நெல் விற்ற காசு மாசி, பங்குனியில்தான் கடைக்கு வரும். தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் மூன்றும் அதற்கு முன்பே வந்துவிடும். கடைக்காரரின் முதலீடு கொப்பியில் முடங்கிக் கிடக்கும் மாதங்களில்தான் கூடுதல் சரக்கும் எடுக்க வேண்டும். இதைக் கடிதத்தின் முதற்பந்தியிலேயே எழுதுங்கள்.

அடுத்தது கணக்கு. அவரோடு இருந்து போட்டுப் பார்த்தோம். வழமையாக 8 இலட்சத்துக்கு நிற்கும் சரக்கு, பண்டிகைக்கு 14 இலட்சமாக வேண்டும். கொப்பிக் கடனும் 1 இலட்சம் கூடும். ஆக 7 இலட்சம் தேவை. மொத்த வியாபாரிகள் 2 இலட்சத்துக்குத் தவணை தருவார்கள். சொந்தக் காசு 1 இலட்சம் உண்டு. மிஞ்சுவது 4 இலட்சம். அதை மட்டும், பங்குனி முடியும்வரை, தற்காலிக உயர்வாகக் கேட்டால் போதும். நத்தார் விற்பனையில் 1 இலட்சம், பொங்கலில் ஒன்றரை, நெல் விற்றதும் மீதி ஒன்றரை திரும்பும் என்று மாதவாரியாக எழுதலாம். ஆண்டு வட்டி 15 வீதமென்றால், 4 இலட்சத்துக்கு மாதம் 5,000 ரூபாய். விற்பனை இலாபம் அதைத் தாங்குமா என்றும் முதலில் பாருங்கள்.

முகாமையாளர் கடிதத்தோடு வங்கிக் கூற்றையும் பார்ப்பார். நிலுவை ஏறி இறங்கினால் சரக்கு விற்றுக் காசாகிறது என்று தெரியும். ஆண்டு முழுவதும் எல்லையை ஒட்டியே நின்றால், அந்தப் பணம் குளிர்பெட்டியிலோ கட்டடத்திலோ போய்விட்டது என்றே எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட செலவுக்குத் தவணைக் கடன் தனியாகக் கேட்பதே முறை. லொறிக்காரருக்குக் கையிலேயே காசு கொடுத்தால் அந்த வியாபாரம் கூற்றில் விழாது. நாள் விற்பனையைக் கணக்கில் போட்டு, காசோலையால் கொடுங்கள்.

வங்கி பிணையும் கேட்கலாம். வன்னியில் பலரிடம் காணி உறுதி இல்லை, உத்தரவுப்பத்திரமே உண்டு. எல்லா வங்கியும் அதைப் பிணையாக ஏற்பதில்லை. கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையும் பார்க்கப்படும். பிணை பற்றிப் பேசி முடிக்க நாள் வேண்டும் என்பதால், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்