சந்தை மீண்டது, பணம் மீளவில்லை: '3 மடங்கு' ஈடிஎஃப்-களின் ஒரு நாள் கணக்கு

2021-ன் கடைசி வர்த்தக நாளில் அமெரிக்காவின் நாஸ்டாக்-100 குறியீடு சுமார் 16,320 புள்ளிகளில் இருந்தது. 2023-ன் கடைசி வர்த்தக நாளில் சுமார் 16,826. நடுவில் பெரிய சரிவு வந்துபோனாலும், மொத்தத்தில் 3 சதவீத ஏற்றம். அப்படின்னா, இதே குறியீட்டை 3 மடங்காகப் பின்தொடரும் TQQQ ஈடிஎஃப்-ஐ அந்த இரண்டு வருடமும் வைத்திருந்தவருக்கு 9 சதவீத லாபம் கிடைத்திருக்க வேண்டும்தானே? கிடைத்தது சுமார் 38 சதவீத நஷ்டம்.

சரி, சந்தை விழும் என்று நினைத்து, குறியீட்டுக்கு எதிர்த்திசையில் 3 மடங்கு நகரும் SQQQ-வை வாங்கி வைத்தவர் ஜெயித்தாரா? அவருக்கும் ஏறத்தாழ பாதிப் பணம் போச்சு.

இதில் மோசடி எதுவும் இல்லை. இரண்டு ஃபண்டுகளுமே சொன்னதைத்தான் செய்தன. அவை சொன்னது 'ஒரு நாளில் 3 மடங்கு' என்பதை மட்டும்தான்.

மாலையில் என்ன நடக்கிறது?

ஃபண்டில் 100 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்வாப், ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் மூலம் அது 300 டாலர் அளவுக்குச் சந்தையில் நிற்கும். இன்று குறியீடு 100-லிருந்து 90-க்கு, அதாவது 10 சதவீதம் விழுகிறது. ஃபண்டுக்கு 30 டாலர் நஷ்டம், கையில் மிச்சம் 70. சந்தையில் நிற்கும் தொகையும் 270 ஆகிவிட்டது.

ஆனால், நாளைக்கும் 3 மடங்கு தர வேண்டுமென்றால், 70-க்கு 210 போதும். அதனால் சந்தை முடிவதற்குள் 60 டாலர் மதிப்புள்ள ஒப்பந்தங்களை ஃபண்ட் விற்றாக வேண்டும். இதுதான் 'தினசரி ரீசெட்'.

மறுநாள் குறியீடு 90-லிருந்து பழையபடி 100-க்கு வருகிறது. இது 11.11 சதவீத ஏற்றம். 270 டாலர் அப்படியே இருந்திருந்தால் 30 டாலர் லாபம் வந்து நஷ்டம் சரியாகியிருக்கும். இப்போது நிற்பது 210 மட்டும்தான் என்பதால் லாபம் 23.33 டாலர். குறியீடு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. ஃபண்டில் இருப்பதோ 93.33 டாலர்.

எதிர்த்திசை ஃபண்டில் முதல் நாள் 100 டாலர் 130 ஆகும். ரீசெட்டில் அந்த 130-க்கும் 3 மடங்கு பந்தயம் கட்டப்படும். மறுநாள் ஏற்றத்தில் 43.33 டாலர் போய், மிஞ்சுவது 86.67.

கவனித்தால் ஒன்று புரியும். இரண்டு ஃபண்டுகளும் சந்தை விழுந்த பிறகு விற்கின்றன, ஏறிய பிறகு வாங்குகின்றன. ஏறி இறங்கும் சந்தையில் இதைத் தினமும் செய்தால் பணம் கரையாமல் என்ன செய்யும்?

எப்போதுமே நஷ்டம்தானா?

இல்லை. சந்தை ஒரே திசையில் போனால் இதே ரீசெட் சாதகமாகும். குறியீடு இரண்டு நாள் தொடர்ந்து 10 சதவீதம் ஏறினால் மொத்த ஏற்றம் 21 சதவீதம். அதன் 3 மடங்கு 63. ஃபண்ட் தருவதோ 69 சதவீதம்.

2023-ல் இது நடந்தது. அந்த ஆண்டு நாஸ்டாக்-100 சுமார் 54 சதவீதம் ஏறியபோது TQQQ கிட்டத்தட்ட 3 மடங்கானது. ஆனால் 2022-ல் அது 79 சதவீதம் சரிந்திருந்தது. 100 டாலர் 21 டாலராகிவிட்டால், பழைய நிலைக்கு வர ஏறத்தாழ 5 மடங்காக வேண்டும். 3 மடங்கு போதவில்லை.

இதோடு செலவும் சேரும். 3 மடங்கு நிற்பதற்கான கூடுதல் தொகை கடன் மாதிரிதான், அதற்கு வட்டி உண்டு. 2023 ஜூலையில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் 5.25-5.50 சதவீதத்தைத் தொட்டது. ஏறுமுக ஃபண்டுக்கு இந்த வட்டி தனிச் சுமை.

'தினசரி' எங்கே போச்சு?

ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க நினைக்கும் சிறு முதலீட்டாளர்களுக்கு இவை பொதுவாகப் பொருந்தாது என்று அமெரிக்க புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு 2009-லேயே எச்சரித்துவிட்டது. ஃபண்ட் ஆவணங்களிலும் இது இருக்கிறது. ஆனால் வாங்குபவர் பார்ப்பது போன் திரையை. அங்கே கண்ணில் படுவது '3 மடங்கு' மட்டும்தான்.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், 'ஒரு நாளுக்கு மட்டும்' என்று வர்த்தக ஆப்கள் காட்ட வேண்டும். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், வாங்கிய நாளிலிருந்து குறியீடு எத்தனை சதவீதம் நகர்ந்தது, தங்கள் முதலீடு எத்தனை சதவீதம் நகர்ந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். குறியீடு இருந்த இடத்திலேயே இருந்து பணம் மட்டும் குறைந்திருந்தால், இனியும் காத்திருப்பது பொறுமை அல்ல. ஒவ்வொரு மாலையும் புதிதாகக் கட்டப்படும் பந்தயம்.