பெயரைத் திருத்தியாயிற்று, லைசனும் ஆட்டோவும் இன்னும் பழைய பெயரில்

தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பதிவில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொரு பெயர் என்பது எமக்குப் புதிதல்ல. வீட்டில் சொன்னது ஒன்று, பதிந்தவர் காதில் விழுந்தது வேறொன்று. அதற்கான செலவை இன்றைக்கும் தொழிலாளிதான் கட்டுகிறான்.

ஒருவரது பிறப்புப் பதிவில் ‘ராசு’ என்றும் பாடசாலைச் சான்றிதழில் ‘ராஜேந்திரன்’ என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லைசன் எடுத்தது, லீசிங்கில் முச்சக்கரவண்டி வாங்கியது எல்லாம் ராசு என்ற பெயரில். இப்போது பெயரை மாற்ற நினைக்கிறார். பலர் செய்வதுபோல் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு நேரே வெரஹெரவுக்குப் பஸ் ஏறினால், ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். சத்தியக்கடதாசி நாமே நம்மைப் பற்றிச் சொல்லும் சொல். அலுவலகம் கேட்பது அரசாங்கப் பதிவேடு.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவு. அங்கே பிறப்புப் பதிவில் பெயரைத் திருத்திய பின், திருத்தக் குறிப்பு தெரியும்படியான பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ராசுவும் ராஜேந்திரனும் ஒரே ஆள் என்பதற்கு அந்தக் குறிப்பே சாட்சி. அதைக் காட்டி அடையாள அட்டையை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் லைசன். புதிய அடையாள அட்டை, திருத்திய பிறப்புச் சான்றிதழ், பழைய லைசன் ஆகிய மூன்றையும் மூலப்பிரதியாகவே கொண்டு போங்கள். சத்தியக்கடதாசியும் கையில் இருக்கட்டும், துணையாக உதவும்.

இங்கே ஒரு பொறி உண்டு. பழைய அடையாள அட்டைகளில் ஆங்கிலத்தில் பெயர் இல்லை. லைசனில் ஆங்கில எழுத்து யாரோ எழுதியபடி விழுந்திருக்கும். புதிய அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் வருகிறது. எனவே விண்ணப்பத்திலேயே ஆங்கில எழுத்துக்களைப் பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அங்கே ஓர் எழுத்துப் பிசகினால் அடுத்த பத்திரங்களிலும் அது தொடரும்.

வண்டியின் பதிவுப் புத்தகம் லீசிங் முடியும்வரை கம்பனியிடம் இருக்கும். அவர்களது பெயரும் அதில் உரிமையாளராகப் பதிந்திருப்பதால், முதலில் அவர்களிடம் எழுத்தில் கேட்டுச் சம்மதக் கடிதம் பெற வேண்டும். “ராசு ராஜேந்திரனுக்கு விற்றதாகக் காட்டினால் சுலபம்” என்று சொல்லும் தரகரை நம்ப வேண்டாம். விற்பனை என்பது வேறு ஆளுக்குக் கைமாறுவது. நடக்காத விற்பனைக்கு இரண்டு பக்கமும் நீங்களே கையொப்பமிட்டால், விபத்து நட்டஈடு கேட்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே. புத்தகம் மாறியதும் காப்புறுதியையும், அடுத்த வருமான அனுமதிப்பத்திரத்தையும் அதே பெயருக்குக் கொண்டு வாருங்கள்.

பதிவேட்டில் பிழை எழுதியது தொழிலாளி அல்ல. திருத்தத்துக்கு மட்டும் அவன் நாலு அலுவலகம் ஏறி நாலு நாள் பேர் இழப்பது நியாயமா? பிரதேச செயலகங்கள் மாதத்தில் ஒரு நாளாவது தோட்டத்துக்கே வந்து, தமிழிலேயே இந்த விண்ணப்பங்களை ஏற்க வேண்டுமென்று அடுத்த மாவட்டக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டும்.